அடுத்த ஐஜேபி வருவதற்குள்: கால் சென்டர் ஏஜென்ட் டிஎல், குவாலிட்டி பக்கம் நகர்வது எப்படி

கம்பெனிக்குள்ளேயே வேலை மாறுவதற்கான என் முதல் ஐஜேபி இன்டர்வியூ பதினோரு நிமிடத்தில் முடிந்துபோனது. குவாலிட்டி ஸ்கோர் மூன்று மாதமாக 97-க்குக் கீழே இறங்கவில்லை, லீவும் கிடையாது. அந்தத் தெம்பில் போய் உட்கார்ந்தேன். ஆபரேஷன்ஸ் மேனேஜர் ஒரே ஒரு கேள்விதான் உருப்படியாகக் கேட்டார்: "உங்க ஸ்கோர் எங்களுக்கே தெரியும். உங்களால வேற யாரோட ஸ்கோர் ஏறியிருக்கு?" என்னிடம் பதில் இல்லை. பக்கத்து சீட்டில் இருந்தவருக்கு எவ்வளவோ சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் யாருக்கு, எதை, அதனால் என்ன மாறியது என்று கேட்டால் சொல்ல ஒரு வரிகூட எழுதி வைத்திருக்கவில்லை.

டிஎல் எனப்படும் டீம் லீடர் ஆனாலும் குவாலிட்டிக்குப் போனாலும் வேலை அடுத்தவர் எடுக்கும் காலைப் பற்றியது. அதனால் ப்ரொஃபைல் என்று நாம் சேர்க்க வேண்டியது அடுத்தவர் காலில் நாம் கொண்டுவந்த மாற்றத்துக்கான சாட்சியத்தை. அதை எப்படிச் சேர்ப்பது என்பதைச் சென்னையில் ஒரு ஈ-காமர்ஸ் வாய்ஸ் ப்ராசஸில் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். ஃப்ளோருக்கு வந்து மூன்று நான்கு மாதம் ஆனவர்களுக்காக எழுதுவது இது. முதல் மூன்று மாதம் உங்கள் காலை நீங்கள் ஒழுங்காக எடுத்தாலே போதும்.

முதலில் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

ஐஜேபி என்பது நிறுவனத்துக்குள்ளேயே வரும் வேலை அறிவிப்பு. யார் போடலாம் என்று அதில் நிபந்தனை இருக்கும். பெரும்பாலான இடங்களில் மூன்று விஷயம் பார்ப்பார்கள்: இதே ப்ராசஸில் எத்தனை மாதம் இருந்திருக்கிறீர்கள், கடைசி மூன்று மாத ஸ்கோர்கார்டு எப்படி, நடப்பில் வார்னிங் லெட்டரோ, ஸ்கோரை ஏற்றக் கெடு வைக்கும் பிஐபியோ இருக்கிறதா. மாதக் கணக்கு சில இடங்களில் ஒன்பது, சில இடங்களில் பன்னிரண்டு. உங்கள் ஹெச்ஆர் போர்ட்டலில் பழைய ஐஜேபி அறிவிப்பு ஒன்று கிடக்கும். அதைத் திறந்து நிபந்தனைகளைப் பாருங்கள். உங்கள் காலண்டர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நல்ல ஆட்கள் தட்டுவது பெரும்பாலும் அட்டெண்டன்ஸில்தான். ஸ்கோர் எல்லாம் மேலே இருக்கும். ஆனால் தகவல் சொல்லாமல் எடுத்த ஒரு லீவுக்கு ஒரு லெட்டர் வந்திருக்கும். அது ஆறு மாதம் ஃபைலில் உட்கார்ந்திருக்கும். கல்யாண சீசனில் ரோஸ்டர் போடும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நாலாவது மாதத்துக்குள் டிஎல்லா, குவாலிட்டியா என்று ஓரளவு தீர்மானித்துக்கொள்வது நல்லது. டிஎல் என்றால் பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை உங்கள் பொறுப்பு. யார் வரவில்லை, யார் ப்ரேக்கில் போய்த் திரும்பவில்லை, எந்த எஸ்கலேஷன் காலை நீங்களே வாங்கிப் பேச வேண்டும் என்று நாள் முழுவதும் நின்றுகொண்டே போகும். குவாலிட்டி என்றால் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அடுத்தவர் கால்களைக் கேட்டு, மார்க் போட்டு, ஏன் அந்த மார்க் என்று வாதாடி நிற்க வேண்டும். ஆட்களோடு மல்லுக்கட்டுவது பிடிக்குமா, ஒரே தப்பை நூறு தடவை கேட்டாலும் சலிக்காமல் இருக்க முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றுதான் என்பதால் தேர்வு தப்பிப்போனாலும் பெரிய நஷ்டமில்லை.

உங்கள் ஆடிட் ஷீட்டை வேறு மாதிரி படியுங்கள்

குவாலிட்டி பக்கம் போக நினைப்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் இது. டிஎல் ஆக நினைப்பவர்களுக்கும் இது உதவும். மாதம் நான்கைந்து காலை க்யூஏ கேட்டு உங்களுக்கு ஷீட் அனுப்புவார். நாம் என்ன செய்கிறோம்? மொத்த மார்க்கைப் பார்ப்போம். குறைந்திருந்தால் டிஸ்ப்யூட் போடுவோம். கூடியிருந்தால் மூடிவிடுவோம்.

இனிமேல் ஷீட் வந்ததும் மார்க்கைப் பார்க்காதீர்கள். காலின் ரெக்கார்டிங்கை மட்டும் முதலில் கேளுங்கள். ரெக்கார்டிங் கேட்க உங்கள் லாகினில் அனுமதி இல்லையென்றால் டிஎல்லிடம் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். காலி ஃபார்மில் நீங்களே மார்க் போடுங்கள். பிறகு க்யூஏ போட்டதோடு ஒப்பிடுங்கள். மொத்தம் ஒத்துப்போனதா என்பது முக்கியமில்லை. நீங்கள் 90, அவரும் 90 என்றிருக்கும். ஆனால் நீங்கள் பத்தைக் குறைத்தது ஹோல்டில், அவர் குறைத்தது ப்ரோபிங்கில். அப்படியானால் அந்தக் காலை இருவரும் இரண்டு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். எந்த வரியில் பிரிகிறீர்கள் என்று குறித்து வையுங்கள். எட்டுப் பத்து கால் ஆனதும் தெரிந்துவிடும். எனக்குத் திரும்பத் திரும்ப எம்பதியில்தான் இடித்தது. "ஸாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ்" என்று சொல்லிவிட்டால் முழு மார்க் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். க்யூஏ, கஸ்டமர் எதற்காக வருத்தப்பட்டாரோ அதைத் தொட்டுச் சொன்னோமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

க்யூஏக்கள் தங்களுக்குள் இதைத்தான் கேலிப்ரேஷன் என்று செய்கிறார்கள். ஒரே காலை எல்லாரும் தனித்தனியாகக் கேட்டு மார்க் போட்டு, பிறகு சேர்ந்து உட்கார்ந்து வித்தியாசத்தைப் பேசுவார்கள். ஐந்து மார்க்குக்குள் நின்றால் சரி என்று பல ப்ராசஸில் ஓர் அளவு வைத்திருப்பார்கள். மாதத்தில் ஒருநாள் பேசாமல் ஓரமாக உட்கார்ந்து கேட்க அனுமதி கேளுங்கள். உங்கள் மார்க்கையும் முன்கூட்டியே போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். "நாலு கேலிப்ரேஷன்ல உட்கார்ந்தேன், முதல் தடவை 14 மார்க் விலகினேன், நாலாவது தடவை 4" என்று இன்டர்வியூவில் சொல்ல முடிந்தால், குவாலிட்டி மேனேஜர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆடிட்டின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 55 கால், மாதம் 22 நாள் என்று வைத்தால் 1,210 கால். அதில் க்யூஏ கேட்டது ஐந்து. நான்கு காலில் 95, ஐந்தாவதில் ஒரு ஃபேட்டல் (வெரிஃபிகேஷன் செய்யாமல் கணக்கு விவரம் சொல்வது போன்ற மன்னிக்க முடியாத தப்பு) என்றால் அந்தக் காலுக்கு பூஜ்யம். சராசரி 76. ஃப்ளோரில் எல்லாரும் "போன மாசம் 95 இருந்தவ இந்த மாசம் 76, என்னாச்சு?" என்பார்கள். உண்மையில் மாறியது ஒரே ஒரு கால். நல்ல க்யூஏ சராசரியைப் பிடித்துத் தொங்கமாட்டார்; அந்த ஃபேட்டல் வேறு கால்களிலும் நடந்திருக்கிறதா என்று இன்னும் பத்து காலை எடுத்துக் கேட்பார். எண்ணை இந்தக் கண்ணோடு பார்க்கப் பழகுவதுதான் பாதிப் பயிற்சி.

ஃபீட்பேக் கொடுத்து, அதை எழுதி வைப்பது

புது பேட்ச் ட்ரெயினிங் முடிந்து ஃப்ளோருக்கு வரும்போது கை தூக்கினால் ஓடிவர ஆள் தேவைப்படும். பட்டி என்பார்கள், ஃப்ளோர் சப்போர்ட் என்பார்கள், எஸ்எம்இ என்பார்கள். பெயர் எதுவானாலும் கேட்டு வாங்குங்கள். எட்டுப் பேருக்கும் சப்போர்ட் என்று ஓடாமல், மூன்று பேர் என் பொறுப்பு என்று பிரித்து வாங்குங்கள். எட்டுப் பேருக்கு உதவினால் பின்னால் எதையும் காட்ட முடியாது.

ஒருமுறை எனக்குக் கிடைத்த மூவரில் ஒரு பையனுக்கு ஹோல்ட் டைம் அதிகம். அவனுடைய டிஎல் மூன்று தடவை "ஹோல்ட் குறைக்கவும்" என்று ஃபீட்பேக் எழுதியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"ரெண்டு தடவை ஹோல்ட்ல போட்டீங்களே தம்பி, அந்த நேரத்துல ஸ்க்ரீன்ல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"எக்ஸ்சேஞ்ச் பாலிசி தேடிட்டிருந்தேங்க்கா. வரவே இல்ல."

"என்னன்னு டைப் பண்ணித் தேடினீங்க?"

கஸ்டமர் சொன்ன வாக்கியத்தை அப்படியே முழுசாக டைப் செய்திருந்தான். நாலெட்ஜ் பேஸில் அப்படித் தேடினால் நாற்பது ஆர்டிகிள் வந்து கொட்டும். பொருளின் வகை, கோரிக்கை என்று இரண்டே சொல் போட்டுத் தேடச் சொன்னேன். அடிக்கடி தேவைப்படும் ஆறு பக்கங்களை புக்மார்க் செய்ய வைத்தேன். அவன் பிரச்சினை ஹோல்ட் இல்லை, தேடுவது. "ஹோல்ட் குறைக்கவும்" என்று இன்னும் முப்பது தடவை எழுதியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

இதை அன்றே எழுதி வைக்க வேண்டும். தேதி, என்ன கேட்டேன், காரணம் என்று எதைக் கண்டேன், என்ன செய்வதாக ஒத்துக்கொண்டார், மறுபடி எப்போது பார்ப்பேன். ஐந்தே விஷயம்தான். எல்லாரும் விட்டுவிடுவது கடைசியைத்தான். ஃபீட்பேக் கொடுத்த ஐந்தாம் நாள் அதே மாதிரி இரண்டு காலைக் கேட்டு, மாறியிருக்கிறதா என்று அதே வரிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மாறவில்லை என்றாலும் எழுதுங்கள். "முதல் தடவை நான் கண்டுபிடித்த காரணம் தப்பு" என்று காட்டும் ஒரு வரி உங்கள் லாகில் இருந்தால் மற்ற வரிகளை நம்புவார்கள்.

எங்கே எழுதுவது என்பதில் கவனம் தேவை. பல ஃப்ளோர்களில் பேனா, பேப்பர், ஃபோன் எதுவும் அனுமதி இல்லை. கஸ்டமரின் கார்டு விவரம் வெளியே போகக் கூடாது என்பதற்கான விதி அது. ஆகவே கம்பெனி சிஸ்டத்தில், டிஎல்லுக்கும் தெரிந்த ஷேர்டு ஃபோல்டரில் ஓர் எக்செல் ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். கஸ்டமர் பெயர், ஃபோன் நம்பர், ஆர்டர் நம்பர் எதுவும் அதில் வரக் கூடாது. ரிப்போர்ட்டை உங்கள் ஜிமெயிலுக்கு அனுப்பி வைத்தால் நல்ல எண்ணத்தோடு செய்தீர்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள், வேலையே போகும். வெளி இன்டர்வியூவுக்குத் தேவைப்படுவது நீங்கள் நினைவில் வைத்திருக்கும் சதவீதமும் அதன் கதையும் மட்டுமே.

ஒரு சின்ன ப்ராஜெக்ட், முழுதாக

ப்ரொஃபைலில் ஒரே ஒரு முன்னேற்ற வேலை இருந்தால் போதும், ஆனால் அது முழுதாக இருக்க வேண்டும். எங்கள் டீமில் ஒரு பெண் செய்ததைச் சொல்கிறேன். எண்களை வட்டமாக்கி, கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். கணக்கின் போக்கு அதேதான்.

பத்து ஷிப்டுக்கு, தனக்கு வந்த ஒவ்வொரு காலையும், அது ஏழு நாளுக்குள் மறுபடி கூப்பிட்டவருடையதா என்பதையும் அவள் குறித்தாள். ஷீட்டில் நாலே நெடுவரிசை: A-யில் தேதி, B-யில் காரணம், C-யில் கால் எத்தனை நிமிடம், D-யில் ரிப்பீட்டா இல்லையா. எண்ணுவதற்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது:

```
=COUNTIFS(B:B,"Refund",D:D,"Yes")
=AVERAGEIFS(C:C,B:B,"Refund")
```

540 காலில் 96 ரிப்பீட். அதில் ரீஃபண்ட் 41, டெலிவரி 22, எக்ஸ்சேஞ்ச் 14, மீதி உதிரி 19. இதோடு நின்று "ரீஃபண்ட்தான் பெரிய பிரச்சினை, ட்ரெயினிங் தேவை" என்று ஸ்லைடு போடுவதுதான் வழக்கம். அவள் அந்த 41 பேரின் பழைய நோட்ஸைத் திறந்து படித்தாள். 14 பேருக்கு ரீஃபண்ட் உண்மையிலேயே நிலுவையில் இருந்தது. ஏஜென்ட் எதுவும் செய்ய முடியாது. மிச்சம் 27 பேருக்கு நம் பக்கம் பணம் கிளம்பியாகிவிட்டது. கஸ்டமர் பேங்கில் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த 27 நோட்ஸிலும் ஏறக்குறைய ஒரே வரி: "5 முதல் 7 நாளில் வரும் என்று சொல்லப்பட்டது."

அந்த வரியில் இரண்டு ஓட்டை. ஒன்று, அது வேலைநாள் கணக்கு. கஸ்டமர் ஞாயிறையும் சேர்த்து எண்ணி ஏழாம் நாள் காலையில் கூப்பிடுகிறார். இரண்டாவது, பேங்கில் போய்க் கேட்க அவர் கையில் ஒன்றுமில்லை. கார்டில் போகும் ரீஃபண்டுக்கு ஏஆர்என் என்றும், வங்கிக் கணக்குக்குப் போவதற்கு யூடிஆர் என்றும் ஒரு நம்பர் உண்டு. அதைக் காட்டினால் பணம் எங்கே நிற்கிறது என்று பேங்க் தேடிச் சொல்ல முடியும். எங்கள் ஸ்க்ரீனில் ரீஃபண்ட் டேபின் அடியில் அந்த நம்பர் இருந்தது. ஸ்க்ரோல் செய்தால்தான் தெரியும், அதனால் யாரும் சொல்லவில்லை.

அவள் முன்வைத்த மாற்றம் இரண்டு வாக்கியம். நாள் கணக்குக்குப் பதில் தேதி: "வர்ற 18-ம் தேதி வியாழக்கிழமைக்குள்ள வந்துடும் சார்." அதன் பிறகு: "ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் மெசேஜ்ல அனுப்புறேன், அதுக்குள்ள வரலேன்னா பேங்க்ல இதைக் காட்டுங்க." இதை அவளாகவே பேச ஆரம்பிக்கவில்லை. டிஎல் வழியாக குவாலிட்டிக்கு அனுப்பி, ஆடிட்டில் மார்க் போகாது என்று மெயிலில் ஒப்புதல் வாங்கினாள். இந்தப் படியைத் தாண்டிப் போனால், நல்லது செய்யப்போய் ஸ்க்ரிப்டை மீறியதற்காக நான்கு பேர் மார்க் இழப்பார்கள். பிறகு உங்கள் யோசனையை யாரும் தொடமாட்டார்கள்.

டிஎல் உடனே கேட்டது நியாயமான கேள்வி: "ஏஎச்டி ஏறுமேம்மா, அதுக்கு யார் பதில் சொல்றது?" ஏஎச்டி என்பது ஒரு காலுக்கு ஆகும் சராசரி நேரம். எனவே டீமின் பதினான்கு பேரில் ஆறு பேர் மட்டும் இரண்டு வாரம் செய்து பார்த்தார்கள், எட்டுப் பேர் பழையபடி. 100 ரீஃபண்ட் காலுக்கு எத்தனை பேர் ஏழு நாளில் திரும்பக் கூப்பிட்டார்கள் என்பதுதான் அளவு. ஆறு பேரிடம் 31 ஆக இருந்தது 19 ஆனது. எட்டுப் பேரிடம் 30 ஆக இருந்தது 28 ஆனது.

இங்கேதான் அவள் மற்றவர்களிலிருந்து வித்தியாசப்பட்டாள். பன்னிரண்டு குறைந்தது என்று அவள் சொல்லவில்லை. எதுவும் செய்யாத எட்டுப் பேரிடமே இரண்டு குறைந்திருக்கிறது, சீசனோ என்னவோ. ஆகவே தன் மாற்றத்தால் குறைந்தது பத்து என்றாள். ஒரு ரிப்பீட் கால் ஆறு நிமிடம். பத்துக்கு 60 நிமிடம் மிச்சம். கூடுதலாகப் பேசியது காலுக்கு 20 விநாடி. நூறு காலுக்கு 2,000 விநாடி, ஏறக்குறைய 33 நிமிடம் செலவு. 100 ரீஃபண்ட் காலுக்கு நிகர லாபம் 27 நிமிடம். பெரிய தொகை இல்லை. ஆனால் ஏஎச்டி ஏறியும் டீமின் மொத்த நேரம் குறைந்தது என்று நிறுவியாகிவிட்டது. ரீஃபண்ட் கால் மட்டும் என்று வரம்பு போட்டதால்தான் அது சாத்தியமானது. எல்லாக் காலிலும் ஒரு வாக்கியம் கூட்டியிருந்தால் கணக்கு தலைகீழாகப் போயிருக்கும்.

இரண்டு வாரம் போதாது, ஆறு பேரும் தாமாக முன்வந்தவர்கள், அதனால் கொஞ்சம் நல்ல ஏஜென்டுகள் என்ற குறைகளும் இதில் உண்டு. அவற்றையும் கடைசி ஸ்லைடில் அவளே எழுதியிருந்தாள். பேனலில் யாராவது அந்த ஓட்டையைத் தொடுவதற்கு முன் நீங்களே தொட்டுவிடுவது நல்லது.

சான்றிதழ் பற்றி நிறையப் பேர் கேட்பதால் ஒரு வார்த்தை. சிக்ஸ் சிக்மா யெல்லோ பெல்ட் படிப்பதில் தப்பில்லை. ஆனால் மேலே சொன்னதைப் போல ஒன்றைச் செய்துவிட்டுப் போனால், பாரெட்டோ, ஃபைவ் வை என்று அவர்கள் சொல்வதெல்லாம் நீங்கள் ஏற்கெனவே செய்ததற்கு வைத்த பெயர் என்று புரியும். சொந்தக் காசைக் கொட்டுவதற்கு முன் கம்பெனியே நடத்துகிறதா என்று கேளுங்கள்.

டிஎல் பக்கம் போகிறவர்களுக்கு: ஆள் கணக்கு

டிஎல் இன்டர்வியூவில் பலர் வழுக்குகிற இடம் ஷ்ரிங்கேஜ். சம்பளம் வாங்கும் நேரத்தில் லீவு, ப்ரேக், மீட்டிங், ட்ரெயினிங் என்று கால் எடுக்க முடியாமல் போகும் பங்கு அது. கேள்வி இப்படி வரும்: "எந்த நேரத்திலும் 12 பேர் லைனில் இருக்க வேண்டும், ஷ்ரிங்கேஜ் 30 சதவீதம். எத்தனை பேரை ரோஸ்டரில் போடுவீர்கள்?" பத்தில் எட்டுப் பேர் 12-க்கு 30 சதவீதம் கூட்டி, 15.6, ஆகவே 16 என்பார்கள். 16 பேரில் 30 சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள், 11.2 பேர்தான் நிற்கிறார்கள். 30 சதவீதம் என்பது மொத்த ஆட்களில். ஆகவே 12-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும். 17.1 வரும், ஆளைப் பாதியாக வெட்ட முடியாது, 18 பேர்.

இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட, டிஎல் லீவு போடும் நாளில் காலை ஹடில் நான் எடுக்கிறேன் என்று கேட்டு வாங்கினால் தானாகப் புரியும். ஆறரை மணி ஷிப்டுக்குக் கேப் லேட், இரண்டு பேர் வரவில்லை, ஒருத்தர் லாகின் ஆகவில்லை, க்யூவில் ஒன்பது கால். யாருடைய ப்ரேக்கை யாரோடு மாற்றுவது என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டும். ரோஸ்டரைக் கவனிக்கும் டபிள்யூஎஃப்எம் ஆட்களோடு பேசாமல் மாற்றினால் என்ன ஆகும் என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். அப்படி மூன்று நான்கு நாள் பார்த்ததையும் லாகில் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "ஆக்டிங் டிஎல்" என்று சொல்லி ஏஜென்ட் சம்பளத்திலேயே எட்டு மாதம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். பொறுப்பு தருகிறோம் என்றால், எந்தத் தேதிவரை, அதற்குப் பிறகு என்ன என்று ஒரு மெயில் கேளுங்கள். "நான் சரியாப் புரிஞ்சுகிட்டேனான்னு பார்த்துக்கறேன்" என்று நீங்களே மெயில் போட்டு உறுதி கேட்பது மரியாதையான வழி. ஒப்புக்கொண்டால் நல்லது, மழுப்பினால் அதுவும் ஒரு தகவல்தான்.

ரெஸ்யூமேயும் பேனலும்

"இன்பவுண்ட் கால்களைக் கையாண்டேன், கஸ்டமர் திருப்தியை உறுதி செய்தேன்" என்ற வரி ஊரில் உள்ள எல்லா ரெஸ்யூமேயிலும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, லாகில் இருந்து மூன்றே வரி எழுதுங்கள். யாருக்கு, எந்தக் காலத்தில், எதிலிருந்து எதற்கு, நீங்கள் செய்தது என்ன. உதாரணமாக: "ஃப்ளோருக்குப் புதிதாக வந்த மூவருக்கு ஆறு வாரம் பட்டி; ஒருவரின் ஹோல்ட் நேரம் அதிகமானதற்குக் காரணம் நாலெட்ஜ் பேஸில் தேடும் முறை என்று கண்டு திருத்தியது." சரியான எண் தெரியாவிட்டால் எண் போடாதீர்கள். உங்கள் ரிப்போர்ட்டை பேனலில் இருப்பவர்களால் இரண்டு நிமிடத்தில் திறந்து பார்க்க முடியும்.

பேனலில் ஆபரேஷன்ஸ், குவாலிட்டி, ஹெச்ஆர் என்று மூன்று பேர் இருப்பார்கள். ஆபரேஷன்ஸ் பக்கம் இருந்து கட்டாயம் வரும் கேள்வி: "உங்களோட சாப்பிடற ஃப்ரெண்டு இனி உங்க டீம்ல. வாரத்துல மூணு நாள் லேட். என்ன பண்ணுவீங்க?" "தனியாகக் கூப்பிட்டு அன்பாகப் பேசுவேன்" என்றால் அடுத்த கேள்வி "நாலாவது நாளும் லேட்டா வந்தா?" என்று வரும். முதலில் லாகின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு காரணம் கேட்பது, கேப் வழித்தடம் பிரச்சினையா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, வெறும் சோம்பலா என்று பிரிப்பது, கேப் என்றால் ட்ரான்ஸ்போர்ட்டிடம் எழுதுவது, சோம்பல் என்றால் மற்ற எல்லாருக்கும் போடும் அதே மெயிலை அவருக்கும் போடுவது என்று படிப்படியாகச் சொல்லுங்கள். குவாலிட்டி மேனேஜர் பெரும்பாலும் ஒரு காலைப் போட்டுக் காட்டி மார்க் போடச் சொல்வார். நீங்கள் போடும் மார்க்கைவிட அதற்குச் சொல்லும் காரணத்தைத்தான் அவர் கவனிப்பார். எந்த நிமிடத்தில், எந்த வார்த்தையில் என்று காட்டிச் சொல்ல வேண்டும்.

கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். இரண்டு கேள்விகளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இது க்ரேடு உயர்வா, அதே க்ரேடில் பக்கவாட்டு மாற்றமா? நைட் ஷிப்ட் அலவன்ஸும் ஏஜென்ட் இன்சென்டிவும் நின்றுபோனால் கைக்கு வரும் தொகை எவ்வளவு? ஏஜென்டாக நல்ல இன்சென்டிவ் வாங்கிக்கொண்டிருந்தவர் பகல் ஷிப்ட் க்யூஏ ஆனதும், முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்து அதிர்ந்து போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று அவர் கேட்காமல் விட்டிருந்தார். ஹெச்ஆர் அந்த மேஜையிலேயே உட்கார்ந்திருக்கிறார், கேளுங்கள்.